ஹாஷைத் திருப்ப முடியாது என்றால் 65 லட்சம் ஹாஷ்கள் எப்படி உடைந்தன?

(திரையில்: 2012 ஜூன், லிங்க்ட்இன்)

2012 ஜூனில் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடிய சுமார் 65 லட்சம் வரிகளை யாரோ இணையத்தில் போட்டார்கள். அதில் பாஸ்வேர்டு ஒன்றுகூட அப்படியே இல்லை, எல்லாமே ஹாஷ், அதாவது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுத்த எழுத்துத் தொடர். ஆனாலும் சில நாட்களுக்குள் பெரும்பாலானவற்றின் உண்மையான பாஸ்வேர்டு தெரிந்துவிட்டது. எப்படி?

லினக்ஸ் கணினி இருந்தால் இதைத் தட்டிப் பாருங்கள்.

```
echo -n 123456 | sha1sum
7c4a8d09ca3762af61e59520943dc26494f8941b
```

SHA-1 ஒரு ஹாஷ் ஃபங்ஷன். ஓரெழுத்து கொடுத்தாலும் முழு நாவலையே கொடுத்தாலும் 40 எழுத்துதான் வரும். 123456-க்கு எந்தக் கணினியிலும் எப்போதும் இதே விடைதான். ஓர் இலக்கத்தை மாற்றினால் விடை மொத்தமும் மாறிவிடும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 123456-க்கு வர வழி கிடையாது.

(திரையில்: லாகின் பெட்டி)

தளம் சேமிப்பது இந்த விடையை மட்டும்தான். நீங்கள் லாகின் செய்யும்போது, தட்டிய பாஸ்வேர்டை மறுபடி ஹாஷ் செய்து, சேமித்ததோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் உள்ளே விடும். ஆக, உங்கள் பாஸ்வேர்டைத் தளம் வைத்திருக்கவே தேவையில்லை. டேட்டாபேஸைத் திருடினாலும் பாஸ்வேர்டு நேராகக் கிடைக்காது.

சரி, லிங்க்ட்இன்னில் என்ன நடந்தது? ஹாஷ்களை உடைத்தவர்கள் பின்னோக்கிப் போகவே இல்லை. மக்கள் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து, திருடிய வரிகளில் அது இருக்கிறதா என்று தேடினார்கள். லிங்க்ட்இன் பயன்படுத்திய SHA-1 வேகமாக ஓடுவதற்காகவே செய்தது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இன்று நொடிக்குப் பல நூறு கோடி முறை அதைக் கணக்கிடும். அதைவிட மோசம், ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே ஹாஷ். அதனால் ஒரு யூகத்தை ஒரு தடவை ஹாஷ் செய்தாலே 65 லட்சம் வரிகளோடும் ஒப்பிட்டுவிடலாம். இவ்வளவு பெரிய தளம் இதை அப்படியே விட்டுவைத்தது மன்னிக்க முடியாத அலட்சியம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது. 1999-இலேயே வந்த bcrypt என்ற பாஸ்வேர்டு ஹாஷ் முறை, ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் தனித்தனியாக ஒரு சால்ட்டைச் சேர்க்கிறது. சால்ட் என்பது தற்செயலாக எடுத்த எழுத்துகள்.

(திரையில்: `$2b$12$` என்று தொடங்கும் வரி)

இந்த 12-ஐத் தொடர்ந்து வரும் 22 எழுத்துகள்தான் சால்ட். அது ரகசியம் இல்லை, ஹாஷ் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் இருவர் 123456 என்றே வைத்தாலும் விடை வேறு வேறு. திருடன் ஒவ்வொருவருக்கும் தனியாக முதலிலிருந்து யூகிக்க வேண்டும். 12 என்பது வேகத்தைக் குறைக்கும் அளவு: இரண்டின் 12-ஆவது அடுக்கு, அதாவது 4096 சுற்று. லாகின் செய்பவருக்கு ஒரு நொடியில் சிறு பகுதிதான் கூடும். கோடிக்கணக்கில் யூகிப்பவருக்கு அது பெரிய சுமை.

இதற்கும் எல்லை உண்டு. 123456 போன்றது யூகப் பட்டியலின் தொடக்கத்திலேயே இருப்பதால் எந்தச் சால்ட்டும் அதைக் காப்பாற்றாது.

நீங்கள் பயன்படுத்தும் தளத்தையும் ஓரளவு சோதிக்கலாம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பாருங்கள். புதிது வைக்க லிங்க் அனுப்பினால் சரி. உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பினால், அந்தத் தளம் அதை ஹாஷ் செய்து வைக்கவில்லை. அதே பாஸ்வேர்டு வேறெங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இன்றே மாற்றுங்கள்.