தக்காளியின் கூழும் காளான் ஊறிய நீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தக்காளியை வெட்டும்போது நடுவில் விதையோடு ஒட்டியிருக்கும் கொழகொழப்பான கூழைப் பலர் வழித்துப் போட்டுவிடுகிறார்கள். சமைப்பது நீர்த்துப்போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் இன்று நான் பேச வந்திருக்கும் சுவை தக்காளியில் எங்கே அதிகம் என்று கேட்டால், அந்தக் கூழைத்தான் காட்டுவேன். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர்.

அறுசுவை என்று எண்ணிப் பழகிய நமக்கு உமாமியை ‘ஐந்தாவது சுவை’ என்பதே கணக்குப் பிசகாகத் தோன்றும். நாக்கின் சுவை மொட்டுகளில் தனக்கென்று ஏற்பி, அதாவது அந்தச் சுவையை உணரும் அமைப்பு, உள்ளதை மட்டுமே அறிவியலார் அடிப்படைச் சுவையாக எண்ணுகிறார்கள். காரம் என்பது எரிச்சல், துவர்ப்பு என்பது வாய் இறுகும் உணர்வு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது நான்கு. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற அமினோ அமிலப் பொருளைப் பிரித்தெடுத்து, இதுவே தனிச்சுவை என்றார். உப்பைப்போல இது சட்டென்று தைக்காது. நாக்கு முழுவதும் பரவும், எச்சிலை ஊறவைக்கும், விழுங்கிய பின்னும் நெடுநேரம் நிற்கும்.

அநேகமாக எல்லாப் புரதத்திலும் குளூட்டமேட் உண்டு. ஆனால் புரதச் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும்வரை நாக்கு அதை அறியாது. தனித்து நின்றால்தான் சுவைக்கும். தக்காளி காயாக இருக்கும்போது இந்தத் தனித்த குளூட்டமேட் குறைவு, பழுக்கப் பழுக்கப் பல மடங்காகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் பழத்தின் சதையையும் கூழையும் தனித்தனியே அளந்தார்கள். ஒரு கிலோ சதையில் சுமார் 1.3 கிராம் இருந்தது, கூழில் சுமார் 4.5 கிராம். நீர்த்துவிடும் என்று அஞ்சினால், கூழைத் தனியே கொதிக்கவைத்துச் சுண்டவிட்டுச் சேருங்கள். கொட்டிவிடாதீர்கள்.

காளானிலும் குளூட்டமேட் உண்டு. ஆனால் அதன் தனிச்சிறப்பு குவானிலேட் என்ற வேறொரு பொருள். தனியே இதற்குச் சுவை மங்கல்தான். உமாமி ஏற்பி இரண்டு இதழ்கள் கொண்ட சிப்பியைப் போன்றது. குளூட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்ததும் இதழ்கள் மூடும். குவானிலேட் வாயருகே வந்து அமர்ந்து, அவை திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டும் சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது.

புதிதாகப் பறித்த ஷீடாக்கே காளானில் குவானிலேட் அநேகமாக இல்லை. உலரும்போது செல்கள் உடைகின்றன. பிறகு நீரும் சூடும் சேரும்போது, காளானின் நொதி ஒன்று அதன் ஆர்.என்.ஏ.-வை வெட்டிக் குவானிலேட்டை உண்டாக்குகிறது. இன்னொரு நொதி அதே குவானிலேட்டைச் சிதைத்துவிடுகிறது. சிதைக்கும் நொதிக்கு வெதுவெதுப்பு பிடிக்கும். உண்டாக்கும் நொதியோ அதைவிடக் கூடுதலான சூட்டையும் தாங்கும். அவசரத்துக்கு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் காளான் மெத்தென்று ஆகும், ஆனால் சாறு சப்பென்றிருக்கும்.

சரியான முறை இது. 20 கிராம் உலர்ந்த ஷீடாக்கேயை 600 மில்லி குளிர்ந்த நீரில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் காளானைப் பிழிந்து எடுத்துவிட்டு, அடியில் மண் தங்கியிருக்கும் கடைசிக் கரண்டி நீரை விட்டு மற்றதை வடிகட்டுங்கள். அதைச் சூடாக்கும்போது வெதுவெதுப்பு நிலையை விரைவாகக் கடந்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஆவி எழும், குமிழி வராது, அதுதான் அடையாளம். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கலாம்.

நன்கு பழுத்த 400 கிராம் தக்காளியைக் கூழோடு வேகவைத்து, மசித்து வடிகட்டி, தேவையான நீர் விட்டு இதுவும் 600 மில்லி வருமாறு செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் தனித்தனியே முக்கால் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். உப்பில்லாத உமாமி தட்டையாகத்தான் இருக்கும். பலர் ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று ஏமாறுவது இங்கேதான்.

இப்போது மூன்று கிண்ணம் எடுங்கள். முதலாவதில் காளான் சாறு, இரண்டாவதில் தக்காளிச் சாறு, மூன்றாவதில் இரண்டையும் பாதிப்பாதி. மூன்றாவதில் ஒவ்வொன்றும் பாதியளவே இருக்கிறது. ஆனாலும் மற்ற இரண்டையும்விட அதுவே நாக்கில் நிறைந்து நிற்கும். அப்படி நிற்கவில்லையென்றால் முதலில் காளான் ஊறிய நீரின் சூட்டைச் சந்தேகியுங்கள். அது சரியாக இருந்தால், தக்காளி போதுமான அளவு பழுத்திருக்காது.

வணக்கம்.