5 லட்சம் நஷ்டம் காட்டுற தொழில் எப்படி 8 லட்சம் லாபம் ஆச்சு? மூடுற உரிமைக்கு ஒரு விலை இருக்கு!

[திரை: −5 லட்சம். பக்கத்துல +8.33 லட்சம்]

திரையில தெரியுற ரெண்டு நம்பரும் ஒரே தொழிலோடது. ஆர்டர் கூடல, செலவு குறையல, வட்டியும் மாறல. "சரியா வரலைன்னா மெஷினை வித்துட்டு வெளிய வந்துடலாம்" அப்படிங்கிற ஒரே வரியைக் கணக்குல சேர்த்தோம், அவ்வளவுதான். நிதிப் பாடத்துல இதுக்கு கைவிடும் ஆப்ஷன்னு பேரு. இதுக்குச் சரியா எவ்வளவு விலைன்னு இன்னைக்குப் போட்டுப் பார்த்துடுவோம். நடுவுல ஒரு இடத்துல பாடம் படிச்சவங்களே வழுக்குவாங்க, அதைத் தாண்டி ஓட்டிடாதீங்க.

திருப்பூர்ல ஒரு சின்ன நிட்டிங் யூனிட்னு வெச்சுக்கோங்க. நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் போட்டது. 30 இன்ச் டயா, 24 கேஜ் அளவுல டி-சர்ட் துணி பின்னுற சிங்கிள் ஜெர்சி மெஷின்கள், கம்ப்ரசரோட மொத்தம் 105 லட்சம். முதல் வருஷம் வரவும் செலவும் சரிக்குச் சரி. வருஷக் கடைசியில ரெண்டுல ஒண்ணு நடக்கும்.

[திரை: கிளைப்படம்]

```
        180   (ஆர்டர் நிலைச்சது, 50%)
100 <
         60   (ஆர்டர் போச்சு, 50%)
```

180, 60 அப்படிங்கிறது அந்த நாள்ல இருந்து தொழிலைத் தொடர்ந்து நடத்தினா கிடைக்கப்போற பணத்தோட மொத்த மதிப்பு. சராசரி 120. இந்த அளவு ரிஸ்க்குக்கு முதலீட்டாளர் 20% எதிர்பார்க்கிறார்னா, 120-ஐ 1.2-ஆல வகுத்து இன்றைய மதிப்பு 100. போடுறது 105, அதனால 5 லட்சம் நஷ்டம். கடையை மூடு, வீட்டுக்குப் போ.

இருங்க. அந்த 60 கிளையில ஓனர் எதுக்குத் தொடர்ந்து ஓட்டணும்? இந்த டயாவும் கேஜும் ஊரெல்லாம் ஓடுற சரக்கு. ஊசி மாதிரி பாகங்களோட தேய்மானத்தையும் பார்த்து, கழற்றுற கூலி, லோடு, புரோக்கர் கமிஷன் எல்லாம் போக, கையில 84 லட்சம் நிக்குதுன்னு வைங்க. 60-க்கு ஓட்டுறதை விட 84-க்கு விக்கிறது மேல். கீழ்க்கிளை இனிமே 60 இல்ல, 84. அதுக்குக் கீழ விழ முடியாம ஒரு தரை போட்டாச்சு. மேல்கிளையைத் தொடவே இல்ல, 180 கிடைக்கும்போது யாரும் 84-க்கு விக்க மாட்டாங்க.

இப்போ அந்த வழுக்குற இடம். ஆப்ஷன் தர்றது நல்ல கிளையில 0, கெட்ட கிளையில 24. சராசரி 12. பலபேர் இதையும் அதே 1.2-ஆல வகுத்து, "ஆப்ஷன் விலை 10 லட்சம்"னு முடிச்சுடுவாங்க.

தப்பு. சரியான விடை 13.33 லட்சம்.

ஆமா, ஒரு வருஷம் கழிச்சு சராசரியா 12 லட்சம் தரப்போற ஒண்ணுக்கு இன்னைக்கே 13.33 லட்சம் விலை! எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வண்டி இன்சூரன்ஸ் பாலிசியை நினைச்சுப் பாருங்க. கட்டுற பிரீமியம், சராசரியா திரும்பி வர்றதை விட அதிகம். இருந்தும் கட்டுறோம், ஏன்னா அந்தப் பணம் வண்டி நொறுங்கின அன்னைக்கு வருது. இந்த 24-ம் அப்படித்தான், தொழில் படுத்த நாள்ல மட்டும் வரும். 20% கேட்டது தொழில் ஆடுற ஆட்டத்துக்கு. ஆட்டத்தைக் குறைக்கிற ஒண்ணுகிட்ட அதே 20% கேட்டா, அதோட விலையை நாமே குறைச்சு மதிப்பிட்டதா ஆகும்.

"13.33 எங்கிருந்து வந்துச்சு, காட்டு"ன்னு கமென்ட் போடப் போறவங்களுக்காக. ஆப்ஷனை மறந்துடுங்க. கையில 13.33 லட்சம் இருக்கு. விக்கிற உரிமை இல்லாத அந்த 100 லட்சத் தொழிலோட பலன்ல 20%-ஐ ஒரு பங்காளிக்கு 20 லட்சத்துக்கு வித்துடுறோம். மொத்தம் 33.33 லட்சத்தை 8% வட்டியில பேங்க்ல போட்டா, வருஷக் கடைசியில 36 லட்சம். தொழில் 180 ஆனா பங்காளிக்கு 20%, அதாவது 36 கொடுக்கணும். மிச்சம் 0. தொழில் 60 ஆனா அவருக்கு 12. மிச்சம் 24. பாருங்க, ஆப்ஷன் தர்ற அதே 0, அதே 24! ரெண்டும் ஒரே பணத்தைக் கொடுத்தா ரெண்டுக்கும் ஒரே விலைதான் இருக்க முடியும்.

ஒவ்வொரு தடவையும் பங்காளியைத் தேட வேண்டாம், குறுக்கு வழி இருக்கு. 100 லட்சம் வெறும் பேங்க் வட்டியில வளர்ந்தா 108. கிளைப்படத்தோட சராசரி 108 வர்ற மாதிரி நிகழ்தகவை மாத்துங்க. நல்லதுக்கு 0.4 வரும், அதை q-ன்னு வெச்சுப்போம். கெட்டதுக்கு மிச்சம் 0.6. அதை வெச்சுப் போட்டு, 8%-லயே வகுக்கணும்.

```
q      = (108 − 60) / (180 − 60) = 0.4
option = 0.6 × 24 / 1.08 = 13.33
total  = 100 + 13.33 − 105 = +8.33
```

நிஜமான 50%-ஐ எடுத்து 8%-ல வகுக்காதீங்க. அது ரெண்டும்கெட்டான் கணக்கு.

சரி, இப்போ ஒரு போட்டி மெஷின். இது ஒரே வாடிக்கையாளரோட டிசைனுக்காகச் செஞ்ச ஸ்பெஷல் மெஷின். விலை 100 லட்சம்தான், கிளைகளும் அதே 180, 60னு வெச்சுக்கலாம். வித்தா 50. தொடர்ந்து ஓட்டினாலே 60 வரும்போது 50-க்கு யார் விப்பா? ஆப்ஷன் விலை பூஜ்யம். மைனஸ் ஆகாது, கட்டாயம் இல்லாத உரிமைதானே. ஆக இந்த மெஷினோட நிகர லாபம் 0. 5 லட்சம் அதிக விலை கொடுத்த சாதா மெஷின்ல 8.33.

இதுக்கு ஆகாயத்துல ஒரு உதாரணம் இருக்கு. உலகத்தோட மிகப்பெரிய பயணிகள் விமானம் ஏர்பஸ் ஏ380. 2007-ல முதன்முதலா சேவைக்குக் கொண்டு வந்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 10 வருஷ லீஸ் முடிஞ்சு திரும்பி வந்த முதல் விமானங்கள்ல ரெண்டை எடுத்து ஓட்ட ஆளே கிடைக்கல. பறக்கத் தகுதியோட இருந்த அந்த விமானங்களைப் பிரிச்சு உதிரி பாகமா விக்க, 2018-ல ஜெர்மனிக்கார உரிமையாளர் முடிவெடுத்தார். சின்ன ஏ320-க்கு உலகம் பூரா வாங்க ஆள் இருக்கு. பழைய ஏ380-க்கு அப்படி ஆள் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

கணக்கு எங்க உடையும்? முதல்ல, ரெண்டு தடவை எண்ணுறது. 60-க்குள்ள மெஷினோட கடைசிக் காலப் பழைய இரும்பு விலையும் ஏற்கனவே இருக்கு. 84-ஐ அதோட கூட்டக் கூடாது, அதுக்குப் பதிலா வைக்கணும்.

ரெண்டாவது இதை விட மோசம். உங்க ஆர்டர் போன அதே சீசன்ல பக்கத்து யூனிட்டுக்கும் போயிருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல மெஷினை விக்க நிப்பாங்க. 84-ன்னு நினைச்சது 64-ல வந்து நின்னா, ஆப்ஷன் 13.33-ல இருந்து 2.22-க்கு விழும், தொழில் மறுபடி நஷ்டத்துக்குப் போயிடும். அதனால ரீசேல் விலையை விசாரிக்கும்போது இன்னைக்கு என்ன ரேட்டுன்னு கேக்காதீங்க. போன மந்தத்துல இதே டயா, இதே கேஜ் என்ன விலைக்குப் போச்சுன்னு புரோக்கர்கிட்ட கேளுங்க. கிளைப்படத்துல கீழ்க்கிளைக்கு உரிய நம்பர் அதுதான்.

இந்த மெஷினுக்கு அந்த நம்பர் குறைஞ்சது எவ்வளவு இருந்தா 105 போடலாம்? ஆப்ஷன் 5 லட்சமாவது தேறணும், அப்படின்னா 60-க்கு மேல 9, ஆக 69 லட்சம். நீங்க வேற வட்டி போட்டுப் பார்த்தா என்ன வருதுன்னு கீழ எழுதுங்க. 8%-க்குப் பதிலா 10% வெச்சா q-வும் மாறும், அதை மறந்தவங்க விடையை நான் உடனே கண்டுபிடிச்சுடுவேன்.