மேனேஜர்ட்ட ஒர்க் ஃப்ரம் ஹோம் கேக்கணுமா? ஆறு வார டிரையலாக் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் சென்னையில, வீடு அம்பாசமுத்திரத்துல. வீட்டுலேர்ந்தே வேல பாக்கணும்னா மேனேஜர்ட்ட எப்படிக் கேக்கணும்? அத மட்டும் சொல்லுதேன்.

நெறைய பேரு, "அம்மாவுக்கு முடியல, வாடக கட்டுப்படியாகல"ன்னு ஆரம்பிக்காங்க. நெசந்தான், ஒரு வரியில சொல்லிருங்க. ஆனா மேனேஜர் அவருக்கு மேல உள்ளவங்ககிட்ட போயி உங்க வாடகையச் சொல்லி அனுமதி வாங்க முடியாதுல்லா? அவரு கையில கொடுக்க வேல சம்பந்தமான கணக்கு ஒண்ணு வேணும்.

சப்போர்ட் டீம்னு வச்சுக்கிடுவோம். கடைசி மூணு மாச டிக்கெட்ட எடுத்துப் பாருங்க. வாரத்துக்கு 40 முடிக்கீங்க, அதுல 3 திரும்ப ஓப்பன் ஆகுது. இத கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்துரணும். இல்லன்னா டிரையல்ல ஒரு வாரம் 38 ஆனாலும் "வீட்டுக்குப் போனதாலதான்"ம்பாங்க. ஆபீஸ்ல இருக்கும்போதும் சில வாரம் 38தான்னு காட்ட உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

ஏன் ஆறு வாரம்? ரெண்டு வாரத்துல மாசக் கடைசி நெருக்கடியும் வராமப் போகலாம், ஈபிக்காரங்க பராமரிப்புன்னு பகல்ல கரண்ட நிறுத்துற நாளும் வராமப் போயிரலாம். மேனேஜருக்குப் பயமே அந்த நாள்தான். மூணு மாசம்னு கேட்டா, அவருக்கு அது டிரையலாவே தெரியாது.

கரண்ட் விஷயத்துலதான் பாதிப் பேரு கோட்ட விடுதாங்க. லேப்டாப் பேட்டரி தாங்கும், நெட் செத்துரும். ஃபைபர்ல செவத்துல மாட்டியிருக்க ஓஎன்டி பெட்டி தனியா, ரவுட்டர் தனியா இருந்தா ரெண்டுக்குமே பேக்கப் வேணும். மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டர்ல போட்டிருக்க வோல்ட்டும் ஆம்பும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அதுவும் சில மணி நேரந்தான். பகல் முழுக்கப் போற ஷட்டவுனுக்கு இன்வெர்ட்டர்தான் சரி. கூட, வேற கம்பெனி சிம் ஒண்ணு. ஒரு ஞாயித்துக்கிழம மெயின் சுவிட்ச அணச்சுட்டு, ஒரு மணி நேரம் விபிஎன்ல வீடியோ கால் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் கேளுங்க.

மெயில் போடுறதுக்கு முன்னாடி நேர்ல ஒண்ணு கேட்டுருங்க: "சார், கிளையன்ட் ஒப்பந்தத்துல வெளியில இருந்து வேல பாக்க எடம் உண்டா?" எடம் இல்லன்னா மேனேஜர் நெனச்சாலும் நடக்காது.

மெயில்ல தொடங்குற தேதி, முடியுற தேதி, எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் லைன்ல இருப்பீங்கன்னு எழுதுங்க. நிறுத்துற நிபந்தனையையும் நீங்களே போடுங்க: "தொடர்ந்து ரெண்டு வாரம் முடிக்கிற டிக்கெட் 36-க்குக் கீழ போனா, அடுத்த திங்கக்கெழம ஆபீஸ்ல இருப்பேன்." நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலையில எழும்பூர், அதனால இது சும்மா பேச்சு இல்லன்னு அவருக்கும் தெரியும். சரின்னு சொல்ல அவருக்குத் தைரியம் வாறதே இந்த வரியிலதான்.

ஓகே ஆன அன்னைக்கே ஆறாவது வாரக் கடைசிக்கு ரிவியூ மீட்டிங்க காலண்டர்ல போட்டுருங்க. போடலன்னா டிரையல் அப்படியே இழுத்துக்கிட்டு ஓடும். நடுவுல மேனேஜர் மாறிட்டாருன்னா, புதுசா வாறவரு "உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"ன்னு கேப்பாரு, காட்டுறதுக்கு முடிஞ்சுபோன டிரையல் மெயில் மட்டுந்தான் இருக்கும்.