எத்தனை அச்சு நிரப்புவது?

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தொழில் கையை விட்டுப் போகுது. கம்ப்யூட்டர்ல ஏதாவது கணிச்சுச் சொல்லேன்" என்றார். விற்பனை நோட்டுகளை மேஜையில் அடுக்கினார். நான் ஒன்றையும் திறக்கவில்லை.

"எந்த நாள்ல அப்படித் தோணுது?" என்றேன். சில நாள் ஐஸ் பார் மீந்து கரைகிறது. சில நாள் விடியுமுன்பே தீர்ந்து, விசைப்படகுக்காரர்கள் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். ஆக, அவர் தினமும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: எத்தனை அச்சில் தண்ணீர் நிரப்புவது? அவர் ஃபேக்டரியில் பார் உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் நாளை மறுநாள் காலையில் எத்தனை பார் கேட்பார்கள் என்பதை இன்று மாலையே சொல்லியாக வேண்டும். இன்று மாலை கைவசம் இல்லாத தகவலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

'கேட்பார்கள்' என்றுதான் சொன்னேன், 'வாங்குவார்கள்' என்று அல்ல. நோட்டில் 300 பார் விற்றதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று இருந்ததும் 300 தான். கேட்டது 310 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். விற்பனையையே தேவையாக எடுத்துக்கொண்டால் கணிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும், பற்றாக்குறை தீரவே தீராது. அதனால் தீர்ந்துபோன நாட்களைத் தனியே குறிக்கச் சொன்னேன். இனிமேல் திரும்பிப் போகிறவர் எத்தனை பார் கேட்டார் என்று எழுத ஒரு கட்டமும் போட்டோம். கல்லாவில் உட்காரும் பையனுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

அப்புறம் அளவுகோல். ஒரு பார் மீந்தால் 40 ரூபாய் நஷ்டம், ஒரு பார் குறைந்தால் 120 என்று அண்ணனே கணக்குப் போட்டார். 50 பார் மீந்த நாளில் போனது 2,000 ரூபாய், 50 பார் குறைந்த நாளில் 6,000. சராசரிப் பிழை என்று பார்த்தால் இரண்டு நாளும் ஒன்றுதான். பணப்பெட்டிக்கு அப்படி இல்லை. எனவே ரூபாயிலேயே அளப்போம் என்று முடிவு செய்தோம். இந்த விகிதத்தில் பார்த்தால் நான்கு நாளில் மூன்று நாள் போதுமான அளவுக்கு, கொஞ்சம் கூடவே நிரப்புவதுதான் லாபம்.

எதைவிடக் குறைந்தால் வெற்றி? தினமும் மாலை அண்ணன் தன் மனக்கணக்கை எழுதி வைக்கிறார். 'போன வாரம் இதே கிழமை எத்தனை கேட்டார்கள்' என்ற எளிய கணக்கும் பக்கத்தில் ஓடுகிறது. கணிப்பின் நஷ்டம் இந்த இரண்டில் எது குறைவோ அதைவிடக் கால் பங்காவது குறைய வேண்டும். இல்லாவிட்டால் கைவிடுவது என்று பேசிக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளைச் சேர்க்கவில்லை.

நோட்டை இன்னும் திறக்கவில்லை. இப்போதைக்கு அந்தப் புதுக் கட்டம் நிரம்பிக்கொண்டிருக்கிறது.