லேத்துக்கும் லேத்தில் நிற்பவர்களுக்கும்

நேயர்களுக்கு வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஆயுத பூஜைக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எங்கள் மெஷின்களுக்கும் ஆட்களுக்கும் நன்றி சொல்ல வந்தேன்.

பூஜை என்றால் பொரி, சுண்டல், பூசணிக்காய். எங்களுக்கு அது முந்தின நாளே மண்ணெண்ணெய் வாடையோடு தொடங்கிவிடும். எங்கள் டர்னர் அண்ணன் முதலில் கை வைப்பது, கடைகிற இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில். இரும்பைக் கவ்வுகிற மூன்று ஜாவையும் கழற்றுவார். உள்ளே சுருள் பல்லுக்கு நடுவே இரும்புப் பிசிறு கிரீஸோடு குழைந்து அப்பிக் கிடக்கும். அதைப் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். ஏர் அடித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் பிசிறு பறந்து டூல் நகரும் ஸ்லைடுக்கு அடியில் புகுந்து, அது ஓடுகிற பெட்டைக் கீறிவிடும். ஹெல்பர் தம்பிக்கு அண்ணன் முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான்.

அந்தப் பிசிறு என்ன செய்யும் என்று போன வருஷம் பார்த்தோம். கடைகிற ஷாஃப்டெல்லாம் நடு விலகிச் சுற்றி அவுட் அடித்தது. ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்தால் முள் ஆடுகிறது. சக்கைச் சுற்றுகிற ஸ்பிண்டிலின் பேரிங் போயிருந்தால் பெரிய செலவு. அண்ணன் சக்கையே இறக்கிவிட்டு, ஸ்பிண்டில் மூக்கில் டயல் வைத்துக் கையால் சுற்றினார். முள் அசையவில்லை. அப்படியென்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு சக்கில்தான். ஜாவைக் கழற்றினால் ஒரு பல்லில் அரிசிக் குறுநை அளவு பிசிறு நசுங்கி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு ஜாக்களை 1, 2, 3 என்று நம்பர் வரிசையில் மாட்டினார். வரிசை மாறினால் ஷாஃப்ட் நடுவில் நிற்காது. அன்றைக்கு மிச்சமானது என் பணம், உழைப்பு அவருடையது.

சந்தனம், குங்குமம் வைப்பதிலும் அவர் பேச்சுதான் சட்டம். மூடியில், மோட்டாரில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். பெட்டில் மட்டும் கூடாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் எண்ணெய்ப் பசை போயிருக்கும். மேலே ஈரச் சந்தனம் பட்டால் வார்ப்பிரும்பு ஓரிரவில் துரு பிடித்துவிடும். மழைக்காலம் வேறு. அதனால் பெட் முழுக்க எண்ணெய் பூசிய பிறகுதான் மாலையே ஏறும். சாமி கோபித்துக்கொள்ளாது என்பது அண்ணன் கட்சி, என் கட்சியும் அதுதான்.

பிசிறு தட்டி, அளவு பார்த்து, ஷாஃப்டுகளை அடுக்கி அனுப்பும் அக்காவுக்கும் நன்றி. ஒரு கீறல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார், முதலாளி என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

விஜயதசமி காலையில் மெதுவான வேகத்தில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, தம்பி கையால்தான் முதல் கட்டிங். ரோட்டில் பூசணி உடைப்பவர்கள் ஓரமாக உடைத்து உடனே பெருக்கிவிடுங்கள், டூவீலர் வழுக்கும். எல்லோருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துகள். வணக்கமுங்க.