கழகமும் கலகமும்: ழகரத்துக்கு zh வந்த காரணம்

அவையோர்க்கு வணக்கம்.

ழகரத்தை ஆங்கில எழுத்தில் zh என்று ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால், அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அது பாதி விடைதான். ளகரத்துக்கும் ணகரத்துக்கும் றகரத்துக்கும் கூட அங்கே தனி எழுத்து இல்லை. அவற்றை l, n, r என்று எழுதி நாம் நிறைவடைந்துவிடுகிறோம். ழகரத்துக்கு மட்டும் தனிக்குறி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மற்ற எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ளகரத்தைக் கேட்கும் அயலார் அதை லகரத்தின் ஒரு வகை என்றே கொள்வார். ழகரமோ ரகரத்துக்கும் லகரத்துக்கும் இடையில் நிற்கிறது. நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து, அண்ணத்தை அடைத்துவிடாமல், மூச்சு தடையின்றிச் செல்ல இடம் விடுகிறது. தொல்காப்பியம் பிறப்பியலில் 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்று சொல்லி, ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்துப் பிறப்பிக்கிறது; லகர ளகரங்களுக்கு வேறு நூற்பா வைக்கிறது. அந்த இலக்கணக் கணக்குப்படி ழகரத்தின் உடன்பிறப்பு ரகரமே. அமெரிக்கர் பலர் ஒலிக்கும் r நம் ழகரத்துக்கு மிக அருகில் வருவதையும் இங்கே நினைக்கலாம்.

ஆனால் கேட்டவர் காதுகளில் அது ஒரே ஒலியாக விழவில்லை. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர் 'சோட' என்று டகரத்தோடு வருகின்றனர். சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் Coromandel ஆனபோது ழகரம் r ஆயிற்று. பழவேற்காடு Pulicat ஆனபோது அதே ழகரம் l ஆயிற்று. நம் மொழியின் பெயரும் Tamil என்று l கொண்டே உலகில் நிலைத்தது. ஓர் ஒலி மூன்று எழுத்துகளில் சிதறிக் கிடக்கும்போது, எந்தப் பெயரில் எந்த எழுத்து ழகரம் என்று யாரும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இழப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கழகம் என்பது சங்கம், அமைப்பு; கலகம் என்பது குழப்பம், கிளர்ச்சி. ழகரத்துக்கு l போதும் என்று முடிவு செய்தால் இரண்டும் Kalagam என்றே வரும். ஓர் அரசியல் இயக்கம் தன் பெயரை அவ்வாறு எழுதிக்கொள்ள விரும்புமா? திராவிட முன்னேற்றக் கழகம் Dravida Munnetra Kazhagam என்றே எழுதப்படுகிறது. அந்த zh தான் கழகத்தைக் கலகத்திலிருந்து பிரிக்கிறது.

சரி, பிரிப்பதற்கு இந்த இரண்டு எழுத்துகள் ஏன் பொருந்தின? தமிழ்ச் சொற்களுக்கு z ஒலி தேவையில்லை; ஆகவே அந்த எழுத்து நம் பயன்பாட்டில் வெறுமனே கிடந்தது. h என்பதோ th, dh, sh, ch ஆகியவற்றில் முன்னெழுத்தின் ஒலி மாறுகிறது என்று காட்டும் அடையாளமாக ஏற்கெனவே பழகியிருந்தது. வேலையற்ற எழுத்து ஒன்றும் பழகிய அடையாளம் ஒன்றும் சேர்ந்ததால், வேறு எந்தத் தமிழ் எழுத்தோடும் குழம்பாத குறி கிடைத்தது. மலையாளத்துக்கும் இதே தேவை இருந்ததால் Kozhikode, Alappuzha என்று அங்கும் அதுவே வழங்குகிறது.

இந்தக் குறிக்கு எளிதில் கண்ணில் படாத நன்மை ஒன்றும் உண்டு. இரண்டு எழுத்தால் ஆன குறி, மெய் இரட்டிக்கும் இடத்தில் நான்கு எழுத்தாகிவிடும். தகரம் இரட்டித்தால் thth என்று எழுத நேர்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டபோது, Coimbatore என்பது Koyampuththoor ஆயிற்று. எதிர்ப்பு எழுந்து, ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த எழுத்துக்கூட்டல் தமிழ் மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் அதைப் படிக்கும் கண் தடுமாறுகிறது. ழகரத்தில் இந்தத் தொல்லை எழவே எழாது. அது தமிழில் இரட்டிப்பதில்லை. சொல்லின் முதலிலும் வருவதில்லை. ஆகவே zhzh என்று எழுத வேண்டிய நிலை நமக்கு வருவதே இல்லை.

குறையும் உண்டு, அதை மறைப்பது முறையாகாது. நம் வழக்கம் அறியாதவர் zh என்பதைக் கண்டால், Zhukov என்ற ருஷ்யப் பெயரின் முதல் ஒலியையோ, சீனப் பெயர்களில் வரும் zh ஒலியையோ நினைத்துக்கொள்வார். அவருக்கு Kazhagam என்பது தவறாகவே ஒலிக்கும். ஒலியைக் காட்டுவது zh ஏற்றிருக்கும் வேலையன்று. இங்கே இருப்பது ழகரம் என்று தமிழ் அறிந்தவருக்கு அடையாளம் சொல்வதே அதன் வேலை. அயலாரின் வாய்க்கு உதவுவது ஒலிபெயர்ப்பு. மூலத்தின் எழுத்தை மீட்க உதவுவது எழுத்துப்பெயர்ப்பு. இந்த இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலிடம் கேட்பதால்தான் நம் விவாதங்கள் முடிவதில்லை.

எழுத்துப்பெயர்ப்பை முழுமையாகச் செய்யும் முறை நம்மிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், 2001இல் வந்த ISO 15919 என்ற அனைத்துலகத் தரமும் ழகரத்தை ḻ என்று அடிக்கோட்டோடும், ளகரத்தை ḷ என்று அடிப்புள்ளியோடும் எழுதுகின்றன. அதன்படி கழகம் kaḻakam, கலகம் kalakam. நடுவில் ஒலிப்பது g என்றாலும் எழுதப்படுவது k தான். ககரம் ஒன்றே என்பதால் மூல எழுத்தையே அம்முறை பின்பற்றுகிறது. ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை என்பதே என் கருத்து. ஆயினும் மின்னஞ்சல் முகவரியிலோ, எளிய விசைப்பலகையிலோ அந்த அடிக்கோடு உதிர்ந்துவிடும். உதிர்ந்த மறுகணம் kaḻakam என்பது kalakam ஆகி, கழகம் மீண்டும் கலகமாகிறது. அச்சில் எழுத்து சிறிதானால் அடிக்கோடும் அடிப்புள்ளியும்கூட ஒன்றுபோலத் தோன்றும். எந்த இயந்திரத்திலும் எந்தத் தாளிலும் சிதையாமல் நிற்பதால்தான் அறிஞர் முறையைத் தாண்டி zh மக்கள் வழக்கில் வாழ்கிறது.

கணினியின் பட்டியலிலும் இந்தத் தடுமாற்றத்தின் தடம் உண்டு. யூனிகோடில் லகரம் LA, ளகரம் LLA, ழகரம் LLLA என்று பெயர் பெற்றிருக்கின்றன. ழகரத்தை l குடும்பத்தில் வைத்த பிறகு, வேறுபடுத்த வழியின்றி l-ஐ அடுக்கிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

தகரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடவர் t என்று எழுதும் பல்லொலியை நாம் th என்று எழுதுவது, t என்பதை டகரத்துக்கு ஒதுக்கியதால் வந்தது. Savita என்று வடக்கிலும் Savitha என்று தெற்கிலும் ஒரே பெயர் எழுதப்படுவதன் காரணம் இதுவே. இந்த h-உம் zh-இல் உள்ள h-உம் செய்வது ஒரே வேலை: முன்னெழுத்தை அதன் வழக்கமான ஒலியிலிருந்து விலக்கிக் காட்டுகிறது.

ஆகவே பெயர்ப்பட்டியலோ நூலடைவோ அமைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். தமிழ் எழுத்து வடிவத்தை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். தேடுபொறிக்கு zh வடிவத்தையும், l வடிவத்தையும், ḻ வடிவத்தையும் அதனோடு இணையுங்கள். Alagan என்று தேடுபவருக்கும் Azhagan என்று தேடுபவருக்கும் அழகன் என்ற ஒரே பதிவு வந்து சேர வேண்டும். Kalagam என்று தேடுபவருக்குக் கழகமும் கலகமும் தனித்தனியே காட்டப்பட வேண்டும்.