முப்பத்துமூன்று வயதில் ரீடிங் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கணக்கு இல்லை, ஷார்ட்கட் இல்லை, நோட்டை மூடி வைத்துவிடுங்கள். போன வாரம் போட்ட தனிவட்டி வீடியோவுக்குக் கீழே ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். "சார், வயது 33, இருபதுகள் எங்கே போனதென்றே தெரியவில்லை, கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது" என்று. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் "எனக்கும்தான்" என்று போட்டிருந்தார்கள். அதனால் இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

நானும் அரசுத் தேர்வுக்குப் படித்தவன்தான், கிடைக்கவில்லை. இப்போது ஒரு கோச்சிங் சென்டரில் கணக்கு எடுக்கிறேன், அதனால் வருடா வருடம் புது முகங்களையும் பழைய முகங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பழைய முகங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ரீடிங் ஹாலில் ஒருவருக்கு வயதாவதை எப்படித் தெரிந்துகொள்ளலாம் தெரியுமா? தலைமுடியை வைத்து இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் பக்கத்து மேஜைப் பையன் "ப்ரோ" என்பான். அப்புறம் "அண்ணா". ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண் "சார், இந்த ஃபேன் சுவிட்ச் எது?" என்று கேட்பாள், நீங்கள் அங்கே வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இளமையை வீணாக்கிவிட்டோம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் நம்ம ஆட்களுக்கு வருவது கொஞ்சம் தனி ரகம். ஊர் சுற்றி வீணாக்கியவனுக்கு ஊர் சுற்றிய ஞாபகமாவது மிச்சம் இருக்கும். நாம் காலையில் எட்டு மணிக்கு லைப்ரரி வாசலில் நின்று, இரவு கதவைச் சாத்தும்வரை படித்தவர்கள். சோம்பேறித்தனத்தில் போன வருடங்கள் இல்லை இவை. அப்புறம் ஏன் எல்லாமே காணாமல் போன மாதிரி இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திண்டுக்கல் பக்கம், 1990 ஜூனில் பிறந்தவர், பி.எஸ்சி. முடித்தவர், பி.சி. வகுப்பு. 2019 செப்டம்பர் 1-ம் தேதி குரூப் 4 எழுதினார், அப்போது வயது 29. கிடைக்கவில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த குரூப் 4 எப்போது வந்தது? 2022 ஜூலை 24. நடுவில் கொரோனா. அந்தத் தேர்வின் முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. ஒரு தேர்வு எழுதி, தோற்று, அடுத்ததை எழுதி, அதன் முடிவையும் பார்ப்பதற்குள் மனிதருக்கு 33 நெருங்கிவிட்டது.

நடுவில் குரூப் 2 வேறு. 2022 பிப்ரவரியில் அறிவிப்பு, மே 21 முதல்நிலைத் தேர்வு, நவம்பரில் அதன் முடிவு, 2023 பிப்ரவரி 25 முதன்மைத் தேர்வு, அதன் முடிவு 2024 ஜனவரியில். அறிவிப்பிலிருந்து முடிவு வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் எழுதுகிற தேர்வுக்கு நேரம் எடுக்கும்தான். நான் சொல்ல வருவது வேறு. இந்த இரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் படிக்கிற காலமே இல்லை, காத்திருக்கிற காலம். ஆனால் மனதுக்குள் அதையும் படிக்கிற காலமாகத்தான் எழுதி வைத்திருப்போம். முடிவு வராமல் வேலைக்குப் போக முடியாது, அடுத்ததற்குப் படிக்கவும் மனம் ஓடாது, கல்யாணப் பேச்சு எடுத்தால் "ரிசல்ட் வரட்டும்" என்போம். வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருக்கும்.

அவர் காத்திருந்த அதே நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். வங்கி கிளார்க் தேர்வுக்கு மேல் வயது 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் சலுகை சேர்த்து 31. அது அவருக்கு 2021-லேயே முடிந்துபோனது. பி.ஓ.வுக்கு 30, சலுகையோடு 33. அதுவும் 2023-ல் முடிந்தது. இரண்டும் முடிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மேஜையில் சமச்சீர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு வரலாற்றில் மூன்றாவது தடவையாக அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை பென்சில், இரண்டாவது நீலம், மூன்றாவது ஹைலைட்டர். அந்தப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். பக்கம் முழுவதுமே மஞ்சளாக இருந்தது.

இங்கே நிறையப் பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிவில் சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு கதவு உண்டு: பொதுப் பிரிவுக்கு 32 வயது, ஆறு முறை, ஓ.பி.சி.க்கு 35 வயது, ஒன்பது முறை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வயது. வலிக்கும், ஆனால் அன்றோடு முடிந்துவிடும். நம்ம குரூப் 2-ல் பெரும்பாலான பதவிகளுக்குப் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. பிரிவினருக்கு அப்படி முப்பதுகளில் மூடுகிற கதவு கிடையாது. அது சலுகைதான், குடும்பச் சூழலால் தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்குப் பெரிய உதவிதான், அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் "போதும்" என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நீங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். 27 வயதில் அது யாருக்கும் தோன்றாது. 33-ல் தோன்றும்போது பயமாக மாறியிருக்கும்.

இப்போது "எங்கே போனதென்றே தெரியவில்லை" என்ற பகுதிக்கு வருவோம். காலத்தை நம் மனது இரண்டு விதமாக அளக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது அளப்பது ஒன்று, பிறகு திரும்பிப் பார்த்து அளப்பது இன்னொன்று. சலிப்பான ஒரு நாள் நடக்கும்போது இழுஇழு என்று இழுக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு இந்திய அரசியலமைப்பு படித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது மனது மணியை எண்ணுவதில்லை, எத்தனை புது விஷயம் பதிந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது. புதிதாக எதுவுமில்லாத முந்நூறு நாள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி ஒரே நாளாகிவிடும். மதுரையில் இரவு பஸ் ஏறித் தூங்கி செங்கல்பட்டில் முழித்த மாதிரிதான். நடுவில் திருச்சியும் விழுப்புரமும் இருந்தது, நமக்குத் தெரியாது.

இதில் இன்னொரு கஷ்டம், நமக்கு இது நடக்கிற வயது. வயதானவர்களிடம் வாழ்க்கையில் எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், தோராயமாகப் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததுதான் அதிகமாக வரும். உளவியல்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. முதல் வேலை, முதல் சம்பளம், வீடு மாறியது, காதல், கல்யாணம் எல்லாம் அந்த வயதில் வருவது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அந்த முதல்களைத்தான் நாம் "தேர்வு முடிந்த பிறகு" என்று எடுத்து ஓரமாக வைத்தோம். அதனால் அந்த வருடங்கள் மற்றவர்களுக்குப் பதிந்த அளவுக்கு நமக்குப் பதியவில்லை.

அந்த நண்பரை ஒருநாள் உட்காரவைத்து ஒரு காரியம் செய்தோம். ஒரு ஏ4 தாள். இடது பக்கம் 2013-லிருந்து வருடங்கள். ஒவ்வொரு வருடத்துக்கு எதிரிலும் தேர்வு சம்பந்தமில்லாமல் ஞாபகம் வருவதை மட்டும் எழுத வேண்டும். 2013, 2014 இரண்டும் தாளை விட்டு வெளியே போயின: கல்லூரி முடிந்தது, நண்பர்களோடு மூணாறு போனது, அண்ணன் கல்யாணம், ஒரு பெண்ணிடம் பேசாமல் விட்டது. 2017-ல் இரண்டு வரி. 2020-ல் ஊரடங்கு. 2021-க்கு எதிரில் வெறுமை. போனை எடுத்து அந்த வருடத்துப் போட்டோக்களைப் பார்க்கச் சொன்னேன். முழுக்க ஸ்கிரீன்ஷாட். நடப்பு நிகழ்வுகள், கட்ஆஃப் கணிப்பு, விடைக்குறிப்பு, இன்னொரு கட்ஆஃப் கணிப்பு. தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தவர் ஒரு இடத்தில் நின்றார். அப்பா தென்னை மரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிற படம். "இது எப்போது எடுத்தேன்?" என்றார். அவர்தான் எடுத்திருக்கிறார். அப்பா பக்கத்திலேயே ஒன்றரை வருடம் வீட்டில் இருந்திருக்கிறார், கூடச் சேர்ந்து கிணற்று மோட்டாரைக் கழற்றியிருக்கிறார். மோட்டார் ஞாபகம் வந்ததும் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. 2021-க்கு எதிரில் அரைமணி நேரத்தில் ஆறேழு வரி சேர்ந்துவிட்டது.

உடனே "பார்த்தீர்களா, எதுவும் வீணாகவில்லை" என்று நான் முடிக்கப் போவதில்லை. அது பொய். உண்மையாகவே போனது இருக்கிறது. 25-ல் ஒரு தனியார் வேலையில் சேர்ந்திருந்தால் 33-ல் எட்டு வருட அனுபவமும் ஒரு பி.எஃப். கணக்கும் இருந்திருக்கும். இப்போது இன்டர்வியூவில் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பெண்களுக்கு இது இன்னும் மோசம், வீட்டில் அவர்களுக்கு இரண்டு முயற்சிக்கு மேல் விடுவதே அபூர்வம், அது தனி வீடியோவாகப் போட வேண்டிய விஷயம். நான் சொல்வது இவ்வளவுதான்: இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். கையைவிட்டுப் போனது ஒரு கணக்கு, ஞாபகத்தில் ஒட்டாமல் போனது இன்னொரு கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பயம் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும். தாளில் எழுதிப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும். முதல் கணக்குக்கு வேலை தேட வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையில்லை.

நண்பர் இப்போது கோயம்புத்தூரில் ஒரு பார்சல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பில்லிங் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்தது 24 வயதுப் பையன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்ததாம். குரூப் 2-ஐ அவர் விடவில்லை, ஆனால் இன்னும் ஒரே ஒரு அறிவிப்பு, அதோடு சரி என்று அவரே தேதி குறித்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. "இதைத்தான் 2019-லும் சொன்னான்" என்கிறார். உண்மைதான், சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை மாதச் சம்பளம் வருகிறது, அது மட்டும்தான் வித்தியாசம், அதுவே போதுமா என்று எனக்கும் தெரியாது.

சரி, நீங்களும் அந்தத் தாளை எழுதிப் பாருங்கள். ஒரு விதி: குரூப் எண், கட்ஆஃப், மதிப்பெண் எதுவும் தாளில் வரக்கூடாது. எந்த வருடம் காலியாக இருக்கிறது, போனைப் பார்த்த பிறகு என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டுவட்டி. நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.